சந்தாக் கட்டணம் பிடிபடவில்லையா? மறுமுயற்சி இடைவெளியை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மாதச் சந்தா வாங்கும் சிறு நிறுவனங்களின் கட்டண அமைப்பில் நான் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் கோளாறு ஒன்றே. வாடிக்கையாளர் சந்தாவை விட விரும்பவில்லை, அவரிடம் பணமும் பெரும்பாலும் இருக்கிறது, ஆனால் நிறுவனம் கேட்ட நேரத்தில் அது கணக்கில் இல்லை. யுபிஐ ஆட்டோபேயில் ஒரு மாதத்துக்கு ஒரு முதல் முயற்சியும் 3 மறுமுயற்சிகளும் மட்டுமே அனுமதி என்பதால், அந்த நான்கையும் எந்த நாளில், எந்த நேரத்தில் செலவிடுகிறோம் என்பதே வசூலைத் தீர்மானிக்கிறது. மறுமுயற்சிகளை இடைவெளி விட்டு வைப்பதற்குக் காரணமும் அதுதான்: தோல்விக்கான காரணம் மாறும்வரை காத்திருந்தால்தான் அடுத்த முயற்சிக்குப் பயன் உண்டு.

எந்த அறிகுறிக்குப் போவதானாலும், கடைசி இரண்டு மாதங்களின் தோல்விப் பட்டியலை முயற்சி எண் வாரியாகவும் காரணக் குறியீடு வாரியாகவும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளம் உங்களிடம் இருந்தால் இவ்வளவு போதும்:

```sql
SELECT attempt_no, decline_code, COUNT(*) AS n
FROM payment_attempts
WHERE due_date >= '2025-10-01'
  AND status = 'failed'
GROUP BY attempt_no, decline_code
ORDER BY attempt_no, n DESC;
```

தரவுத்தளம் இல்லாதவர்கள் பேமெண்ட் கேட்வேயின் டாஷ்போர்டிலிருந்து கோப்பாக இறக்கி எக்ஸெலில் பிரித்துக்கொள்ளலாம். வெறும் 'தோல்வி' என்ற சொல்லை மட்டும் காட்டிக் குறியீட்டை மறைக்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு எதையும் மாற்ற வேண்டாம். முழு அறிக்கையைக் கேட்வேயிடம் கேட்டு வாங்கிய பிறகு தொடருங்கள்.

## அறிகுறி 1: நான்கு முயற்சியும் 'இருப்பு போதாது' என்றே தோற்கின்றன

யுபிஐயில் இது `Z9` என்றும், அட்டைகளில் `51` என்றும் வரும். பட்டியலில் பெரும்பகுதி இதுவாக இருந்தால் நல்ல செய்தி என்றே சொல்வேன், ஏனெனில் இதைத் திருத்தப் பெரும்பாலும் செலவே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது: இடைவெளி மிகக் குறுகியதா? அட்டைச் சந்தாக்களுக்குப் பல கேட்வேக்கள் வைத்திருக்கும் இயல்பு அமைப்பு, தவணை நாளுக்கு அடுத்தடுத்த 3 நாட்களில் ஒவ்வொரு முறை முயல்வது. அதையே யுபிஐக்கும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்ட நிறுவனங்களை அடிக்கடி காண்கிறேன். இரண்டாம் முயற்சிக்கும் நான்காம் முயற்சிக்கும் மீட்பு விகிதத்தில் வித்தியாசமே இல்லாமல், எல்லாமே ஒற்றை இலக்கச் சதவீதத்தில் நின்றால், இடைவெளிதான் கோளாறு. மூன்று நாட்களுக்குள் அந்தக் கணக்கில் எதுவும் மாறவில்லை, நீங்கள் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது: தவணை நாளே தவறா? மாதம் ₹599 வாங்கும் ஒரு இணையவழிக் கணித வகுப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்பு தொடங்கிய நாள் 26 என்பதால் தவணையும் 26. மறுமுயற்சிகள் 27, 28, 29. பெற்றோரில் பலருக்குச் சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளிலோ 1ஆம் தேதியிலோ வருகிறது. அதாவது, கணக்கு மிகவும் வறண்டிருக்கும் நான்கு நாட்களைத் தேடிப் பிடித்து நான்கு முயற்சிகளையும் அங்கேயே செலவழித்தாயிற்று. சம்பளம் வந்து சேரும்போது முயற்சி ஏதும் மிச்சமில்லை.

இங்கே பலரும் செய்யும் திருத்தம், 26ஐ அப்படியே வைத்துக்கொண்டு மறுமுயற்சிகளை அடுத்த மாதம் 1, 3, 7 என்று தள்ளுவது. அதில் ஒரு பொறி இருக்கிறது. மாண்டேட் என்பது தொடர்ந்து பணம் பிடிக்க வாடிக்கையாளர் முன்கூட்டியே தரும் அனுமதி. மாதாந்திர யுபிஐ மாண்டேட் ஒரு மாதத்துக்கு ஒரு பிடித்தம் என்ற கணக்கில் இயங்குவதால், அக்டோபர் தவணையை நவம்பரில் பிடிக்கப் போனால் அது மறுக்கப்படலாம், அல்லது நவம்பருக்கான இடத்தையே எடுத்துக்கொண்டு அடுத்த தவணையில் சிக்கலை உண்டாக்கலாம். ஆகவே மறுமுயற்சியை மாத எல்லைக்கு அப்பால் தள்ளாமல், தவணை நாளையே மாதத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவதே சரியான வழி.

எந்த நாட்கள்? முதல் முயற்சியை 2ஆம் தேதி வையுங்கள். வீட்டுக்கடன், வண்டிக்கடன் தவணைகள் பெரும்பாலும் 5ஆம் தேதியை ஒட்டிப் போகின்றன. அதற்கு முன்பே கேட்பது உங்களுக்கு நல்லது. முதல் மறுமுயற்சி 4ஆம் தேதி. இரண்டாவதை 8ஆம் தேதிக்கு வைக்கக் காரணம் உண்டு. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரத்துக்கும் குறைவான தொழிலாளர் உள்ள இடங்களில் 7ஆம் நாளுக்குள்ளும் மற்ற இடங்களில் 10ஆம் நாளுக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்று வகுத்தது. அந்த 7, 10 என்ற நாட்கள் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் சம்பள நாளாகவே நிலைத்துவிட்டன. எனவே 8ஆம் தேதி ஒரு கூட்டத்தையும், 11ஆம் தேதி வைக்கும் கடைசி முயற்சி இன்னொரு கூட்டத்தையும் எட்டும். 2, 4, 8, 11 என்ற இந்த வரிசையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் தினசரி வருமானம் ஈட்டும் கடைக்காரர்கள் என்றால் இந்த நாட்கள் பொருந்தாது. அவர்களுக்கு 2 நாள் இடைவெளியே போதுமானதாக இருக்கக்கூடும்.

நாளோடு நேரத்தையும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல், ஆட்டோபே பிடித்தங்களை நெரிசல் இல்லாத நேரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐயின் விதி. காலை 10 முதல் பகல் 1 வரையும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் நெரிசல் நேரம். மீதமுள்ள நேரங்களில் அதிகாலையைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனெனில் வங்கிகள் அப்போது விரைந்து பதில் தருகின்றன. ஆனால் சம்பளம் முற்பகலில் வரவாகும் ஒருவரின் கணக்கைச் சம்பள நாளன்று காலை 6 மணிக்குத் தட்டினால் ஒரு முயற்சி வீணாகும். நான்கில் ஒன்றையாவது பிற்பகல் 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் வைத்துப் பாருங்கள்.

எப்போது வெளியாளை அழைப்பது: தவணை நாளை மாற்றுவது ஏற்கெனவே பதிவான மாண்டேட்டுகளைத் தொடும் வேலை. மாண்டேட்டில் குறிப்பிட்ட தேதி விதி இருந்தால் வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி அதை மாற்ற முடியாது. ஒரு மாண்டேட்டையும் மாற்றும் முன் கேட்வேயின் தொழில்நுட்ப உதவிக் குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். புதிதாகச் சேர்வோருக்கு மட்டும் புதிய நாளை வைத்து, பழையவர்களைப் படிப்படியாக மாற்றுவதே பெரும்பாலும் பாதுகாப்பானது.

## அறிகுறி 2: மறுமுயற்சி நொடியில் திரும்பிவிடுகிறது, வங்கியையே எட்டவில்லை

பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள். இருப்பு பார்த்து மறுக்கும் வங்கிக்குச் சற்று நேரம் பிடிக்கும். கேட்டவுடன் திரும்பினால் பெரும்பாலும் மாண்டேட்டில்தான் தடை. இந்த நிலையில் இடைவெளியை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை.

எளிமையான காரணம், வாடிக்கையாளர் தமது யுபிஐ செயலியில் மாண்டேட்டை நிறுத்தி வைத்திருப்பது அல்லது ரத்து செய்திருப்பது. கேட்வேயில் மாண்டேட்டின் தற்போதைய நிலையைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் தரவுத்தளத்தில் 'செயலில் உள்ளது' என்று இருப்பதை நம்ப வேண்டாம். நிறுத்தப்பட்டிருந்தால் மறுமுயற்சியைக் கைவிட்டு, புதிய மாண்டேட்டுக்கான இணைப்பை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். ரத்து செய்திருந்தால் அவர் வெளியேற விரும்புகிறார் என்றும் பொருள் இருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் தேதி விதி. மாண்டேட் பதிவாகும்போது, குறித்த நாளிலேயே, அந்த நாளுக்குள், அந்த நாளுக்குப் பின் என்ற மூன்றில் ஒன்று அதில் பதிவாகிறது. கேட்வேயின் பதிலில் இவை `ON`, `BEFORE`, `AFTER` என்று தெரியும். `ON 5` என்று பதிவான மாண்டேட்டில் 8ஆம் தேதி மறுமுயற்சி செய்ய இடமே இல்லை. `AFTER 2` என்று பதிவானால் மாத இறுதிவரை இடம் உண்டு. மறுமுயற்சியை மெருகேற்ற நினைக்கும் நிறுவனம் பார்க்க வேண்டிய முதல் அமைப்பு இதுதான், ஆனால் பலரும் கடைசியாகத்தான் இங்கே வருகிறார்கள்.

மூன்றாவது, தொகையின் உச்சவரம்பு. மாண்டேட்டின் உச்சத் தொகையை ₹599 என்றே பதிந்துவிட்டு, பின்னர் 18% ஜிஎஸ்டி சேர்த்து ₹706.82 கேட்டால், எத்தனை நாள் இடைவெளி விட்டாலும் நான்கு முயற்சியும் மறுக்கப்படும். புதிய மாண்டேட்டுகளை எதிர்கால விலை உயர்வுக்கு இடம் விட்டுப் பதியுங்கள். அதே சமயம் ₹599 சந்தாவுக்கு ₹15,000 என்று பதிந்தால் ஒப்புதல் திரையிலேயே வாடிக்கையாளர் பயந்து விலகுவார். ₹1,000 என்பது இரு பக்கத்துக்கும் பொருந்தும் அளவு. அந்த ₹15,000தான் பொதுவான சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேற்பட்ட பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் கூடுதல் ஒப்புதல் தேவை. வருடச் சந்தா வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

கடைசியாக, முன்னறிவிப்பு. பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போயிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முதல் முயற்சியே இவ்வாறு திரும்பினால், அறிவிப்பு அனுப்பப்பட்ட நேரத்தையும் பிடித்தம் கேட்ட நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எப்போது வெளியாளை அழைப்பது: மாண்டேட் செயலில் உள்ளது, தேதி விதி பொருந்துகிறது, தொகை வரம்புக்குள் இருக்கிறது, அறிவிப்பும் போயிருக்கிறது என்ற நான்கும் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், மாண்டேட் எண், முயற்சி நேரம், குறியீடு ஆகியவற்றுடன் கேட்வேக்கு எழுதுங்கள். ஒரே வங்கியின் கணக்குகள் மட்டும் இப்படித் திரும்பினால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். கோளாறு அந்த வங்கியில் இருக்கும்.

## அறிகுறி 3: அட்டைகளில் முயற்சி கூடக் கூட மறுப்பும் கூடுகிறது

வெளிநாட்டு அட்டைகளில் இது அதிகம். யுபிஐயைப் போல நான்கு என்ற இறுக்கமான எல்லை இங்கே இல்லை. ஸ்ட்ரைப் பரிந்துரைக்கும் இயல்பு அமைப்பே 2 வாரத்துக்குள் 8 முயற்சி. அந்தத் தாராளத்தால் சிலர் தினமும் முயல்கிறார்கள். ஒரே அட்டையில் ஒரே தொகையை அடிக்கடி கேட்கும் வணிகரை வங்கியின் மோசடித் தடுப்பு அமைப்பு சந்தேகிக்கத் தொடங்கும். முதலில் `51` என்று வந்தது பின்னர் `05` என்ற பொதுவான மறுப்பாக மாறும்.

எளிமையான காரணம், மறுமுயற்சியே கூடாத குறியீடுகளுக்கும் மறுமுயற்சி ஓடுவது. செல்லாத அட்டை எண்ணுக்கு `14`, தொலைந்த அட்டைக்கு `41`, திருடப்பட்ட அட்டைக்கு `43`. இவை காலத்தால் மாறாத காரணங்கள். காலாவதியான அட்டைக்கான `54` வந்தாலும் புதிய விவரம் கிடைக்கும்வரை நிறுத்துங்கள். விசா 2021இல் இதை விதியாகவே கொண்டுவந்தது: வங்கி ஒருபோதும் ஒப்பாது என்ற வகைக் குறியீடு வந்தால் மறுமுயற்சி கூடாது, மற்ற வகைகளில் 30 நாளுக்குள் 15 முறைக்கு மேல் கூடாது, மீறினால் ஒவ்வொரு முயற்சிக்கும் கட்டணம். எண்ணிக்கையில் பின்னர் மாற்றம் உண்டா என்று உங்கள் கேட்வேயிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். நல்ல அமைப்பு அந்த உச்சத்தின் அருகே போகாது.

அடுத்த காரணம், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று பதிலிலேயே சொல்லப்பட்டிருந்தும் அதைப் படிக்காமல் விடுவது. மாஸ்டர்கார்டு தன் மறுப்போடு வணிகருக்கான ஆலோசனைக் குறியீடு ஒன்றையும் அனுப்புகிறது. `03` வந்தால் மீண்டும் முயலக் கூடாது. `21` வந்தால் வாடிக்கையாளர் தொடர் கட்டணத்தையே நிறுத்தியிருக்கிறார். `01` வந்தால் புதிய அட்டை விவரம் இருக்கிறது, அதைப் பெற்ற பிறகே முயல வேண்டும். `24` முதல் `30` வரையுள்ளவை காத்திருக்க வேண்டிய காலத்தையே சொல்கின்றன:

```
24 : 1 hour      28 : 6 days
25 : 24 hours    29 : 8 days
26 : 2 days      30 : 10 days
27 : 4 days
```

இதைப் பார்த்த பிறகு, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே இடைவெளி என்ற அமைப்பு எவ்வளவு முரட்டுத்தனமானது என்பது விளங்கும். `27` வந்த அட்டையை நாளை முயல்வதால் ஒரு மறுப்பும், வங்கியின் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளியும்தான் மிஞ்சும்.

சோதனை: கேட்வேயின் வெப்ஹுக் பதிலில் இந்த ஆலோசனைக் குறியீடு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் நிரலில் அதைச் சேமித்து, அடுத்த முயற்சியின் நாளை அதிலிருந்தே கணக்கிடுங்கள். வராவிட்டால் கேட்வேயிடம் அதை இயக்கித் தரச் சொல்லுங்கள்.

எப்போது வெளியாளை அழைப்பது: `05` மட்டும் தொடர்ந்து கூடினால், அதுவும் பல வங்கிகளின் அட்டைகளில் கூடினால், உங்கள் வணிகக் கணக்கின் மீதே வங்கிகளின் நம்பிக்கை குறைந்திருக்கலாம். அதை இடைவெளி மாற்றி மீட்க முடியாது. உங்கள் கணக்கை ஏற்றிருக்கும் வங்கியோடு கேட்வே பேச வேண்டிய விஷயம் அது.

## அறிகுறி 4: தோல்வி என்றீர்கள், ஆனால் வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் போயிருக்கிறது

இதில் இடைவெளியின் முக்கியத்துவம் வேறு வகையானது. வங்கியின் பதில் காலதாமதமானால் நிரல் அதைத் தோல்வி என்று பதிந்து உடனே மறுபடி கேட்கிறது. முதல் கேள்வியும் சற்றுப் பிந்தி வெற்றியாகிறது.

எளிய திருத்தம், 'பதில் இல்லை' என்பதையும் 'மறுப்பு' என்பதையும் நிரலில் தனித்தனி நிலைகளாக வைப்பது. பதில் இல்லாத பரிவர்த்தனைக்கு மறுமுயற்சி செய்யாமல், நிலையை மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். வாடிக்கையாளரிடமிருந்து யுபிஐயில் பணம் போய், வணிகருக்கு உறுதி வராதபோது, 5 நாளுக்குள் அது திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த காலவரம்பு. அது தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 வீதம் இழப்பீடும் உண்டு. இறுதி நிலை தெரிவதற்குள் மறுமுயற்சி அட்டவணை நகரக் கூடாது.

அடுத்த திருத்தம், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாளத்தை அனுப்புவது. வலையமைப்புக் கோளாறால் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பினால் அடையாளம் மாறக் கூடாது. திட்டமிட்ட அடுத்த முயற்சிக்கு மட்டுமே அது மாற வேண்டும்.

```
Idempotency-Key: sub_1042-2025-11-try2
```

சந்தா எண், மாதம், முயற்சி எண் மூன்றும் இதில் இருப்பதால், பிறகு சண்டை வந்தால் எது எந்த முயற்சி என்று தேடவும் வேண்டியதில்லை. கேட்வே இந்த வசதியைத் தருகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது வெளியாளை அழைப்பது: இரட்டைப் பிடித்தம் ஒன்றே ஒன்று உறுதியானாலும் தானியங்கி மறுமுயற்சியை நிறுத்திவிட்டு நிரலாளரை அழையுங்கள். இது காத்திருந்து பார்க்கும் கோளாறு அல்ல.

## அறிகுறி 5: கட்டணம் மீண்டது, ஆனால் வாடிக்கையாளர் போய்விட்டார்

மறுமுயற்சி வெற்றி பெற்ற வாரத்திலேயே ரத்துக் கோரிக்கைகள் வருகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம், முதல் தோல்வியன்றே சேவையை நிறுத்துவது. 2ஆம் தேதி தோற்று 8ஆம் தேதி பணம் தந்த பெற்றோரின் பிள்ளை ஆறு நாள் வகுப்பை இழந்திருக்கிறது. அந்தப் பெற்றோருக்கு உங்கள் அட்டவணையின் நியாயம் தெரியாது. கடைசி முயற்சி முடியும்வரை, அதாவது 11ஆம் தேதிவரை, சேவை ஓடட்டும். அவ்வளவு நாள் இலவசமாகத் தர இயலாத வணிகம் என்றால் முயற்சிகளை நெருக்குவதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது மேல்.

அடுத்த காரணம் செய்தி. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவது எரிச்சலூட்டும். முதல் தோல்வியன்று ஒன்று, கடைசி முயற்சிக்கு முந்தைய நாள் ஒன்று போதும். இரண்டிலும் அடுத்த முயற்சியின் தேதியையும், இப்போதே செலுத்துவதற்கான இணைப்பையும் கொடுங்கள். இணைப்பில் பணம் வந்தவுடன் மீதமுள்ள மறுமுயற்சிகள் ரத்தாகின்றனவா என்று உங்கள் சொந்தக் கணக்கிலேயே சோதித்துப் பாருங்கள். ஆகாவிட்டால் அறிகுறி 4 உங்கள் வாசலுக்கு வரும்.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகத் தவணை பிடிக்கும் முறையான நாச் வழியாகப் பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு தோல்விக்கும் வாடிக்கையாளரின் வங்கி அவரிடம் அபராதம் வசூலிக்கிறது. அது உங்கள் சந்தாத் தொகைக்கு நிகராகவே இருக்கக்கூடும். ₹599க்காக மூன்று முறை நாச் மறுமுயற்சி செய்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். அங்கே ஒரே ஒரு மறுமுயற்சி, அதுவும் அவரிடம் தேதி கேட்ட பிறகு.

புதிய அட்டவணையை அமைத்த பிறகு அது வேலை செய்கிறதா என்று பார்க்க, தோல்வியுறும் சந்தாக்களைச் சந்தா எண்ணின் ஒற்றைப்படை, இரட்டைப்படை வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் புதிய நாட்களைக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நாளையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பண்டிகை மாதத்தை ஒப்பிடலில் சேர்க்க வேண்டாம். தீபாவளியை ஒட்டி போனஸ் வரும் மாதத்தில் எந்த அட்டவணையும் நன்றாகவே தெரியும். இரண்டு சாதாரண மாதங்கள் கழித்து, மீண்ட தொகையோடு அடுத்த 30 நாளில் ரத்தானவர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பாருங்கள். நான்காம் முயற்சி மீட்டவர்களில் பாதிப்பேர் உடனே ரத்து செய்கிறார்கள் என்றால், அந்த முயற்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பை வையுங்கள்.